ஸ்லைடுகளுக்குப் பதிலாக எழுதிய குறிப்பு: கூட்டத்தில் மௌனமாகப் படிக்கும் முறை எப்போது பலன் தரும்?

கேள்வி: "எங்கள் அலுவலக வாராந்திரக் கூட்டத்தில் இனி பவர்பாயிண்ட் வேண்டாம், அமேசானில் செய்வதைப்போல ஒரு குறிப்பு எழுதிவந்து, முதலில் எல்லோரும் மௌனமாகப் படித்துவிட்டுப் பேசலாம் என்று மேலாளர் சொன்னார். இரண்டு முறை செய்துபார்த்தோம். இருபது நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்ததுபோல இருந்தது. படித்து முடித்ததும் எழுதியவரே மறுபடியும் எல்லாவற்றையும் விளக்கினார். நேரம்தான் இரட்டிப்பானது. இது உண்மையில் பயன்தருமா, அல்லது பெரிய நிறுவனத்தைப் பார்த்துச் சூடு போட்டுக்கொள்வதா?"

பயன்தரும். ஆனால் நீங்கள் இரண்டு முறை செய்துபார்த்தது அந்த முறை அல்ல என்று நினைக்கிறேன். படித்து முடித்ததும் எழுதியவர் எழுந்து விளக்கினார் என்ற ஒரு வரியே எனக்குப் போதும். ஒன்று, அந்தக் குறிப்பு தன் காலில் நிற்கவில்லை. அல்லது அது நின்றும், அதை நிற்க நீங்கள் விடவில்லை. இரண்டுக்கும் மருந்து வேறு. மொத்த விநியோகத் தொழிலில் செயல்பாட்டுப் பொறுப்பில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். இந்த முறையில் கூட்டங்களை நடத்தியும் இருக்கிறேன், பிறர் நடத்தியவற்றில் உட்கார்ந்தும் இருக்கிறேன். கீழே சொல்வதில் பெரும்பகுதி அந்த அனுபவத்திலிருந்து வருவது. ஆய்வு முடிவுகளாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் இதன் மூலத்தைப் பார்த்துவிடுவது நல்லது. ஏனென்றால் உங்கள் கூட்டத்தில் விடுபட்டுப்போனது அங்கேயே தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது. 2004 ஜூன் 9 அன்று அமேசானை நிறுவிய ஜெஃப் பெசோஸ் தன் மூத்த நிர்வாகக் குழுவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். இனிமேல் இந்தக் குழுவின் கூட்டங்களில் பவர்பாயிண்ட் கிடையாது என்பதுதான் அதன் செய்தி. காரணத்தையும் எழுதியிருந்தார்: இருபது பக்க ஸ்லைடைத் தயாரிப்பதைவிட நான்கு பக்கக் குறிப்பை நன்றாக எழுதுவது கடினம், எது எதைவிட முக்கியம், எது எதனோடு எப்படித் தொடர்புடையது என்பதை யோசித்துத் தீர்க்காமல் அந்த நான்கு பக்கத்தை எழுதவே முடியாது. அதே மின்னஞ்சலில் பலரும் கவனிக்காமல் விட்டுவிடும் இன்னொரு வாக்கியம் இருக்கிறது. வேர்டு கோப்பில் புல்லட் பாயிண்டுகளை அடுக்கிக்கொண்டு வந்தால் அதுவும் பவர்பாயிண்ட் அளவுக்கு மோசம்தான் என்கிறார். அவர் கேட்டது கோவையான உரைநடை. ஸ்லைடை எடுத்துவிட்டுக் காகிதத்தைக் கொடு என்று அவர் சொல்லவில்லை.

இந்த முறைக்கு மாறும் அலுவலகங்கள் முதலில் சறுக்கும் இடம் இதுதான். பழைய ஸ்லைடுகளில் இருக்கும் வரிகளை அப்படியே வேர்டில் ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வினைமுற்றைச் சேர்த்து, குறிப்பு என்று கொண்டுவருவார்கள். அதைப் படிக்கும்போது உங்களுக்கு ஏற்பட்ட உணர்வுதான் எல்லோருக்கும் ஏற்படும். வரிகளுக்கு நடுவே இருக்க வேண்டிய காரணங்கள் எழுதியவரின் தலைக்குள்ளேயே இருக்கும். அதனால்தான் அவர் மறுபடியும் வாய்விட்டு விளக்க வேண்டியிருக்கிறது.

அந்த இடைவெளி எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு ஒரு பதிவு உண்டு. 2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்கலம் புறப்பட்டு ஒன்றரை நிமிடம்கூட ஆகாத நிலையில், வெளி எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த காப்பு நுரைத் துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது. விண்கலம் சுற்றுப்பாதையில் இருக்கும்போதே, அந்த மோதலால் என்ன சேதம் ஏற்பட்டிருக்கும் என்று பொறியாளர்கள் கணக்கிட்டு நாசா அதிகாரிகளுக்கு ஸ்லைடுகளாகக் காட்டினார்கள். அதில் ஒரு ஸ்லைடின் தலைப்பு, சோதனைத் தரவுகளைப் பார்த்தால் நம் கணிப்பு பாதுகாப்பான பக்கத்திலேயே இருக்கிறது என்ற பொருளைத் தந்தது. அந்தத் தலைப்பின் கீழ் துணைத் தலைப்புகள், அவற்றின் கீழ் இன்னும் சிறிய எழுத்தில் துணை வரிகள். எல்லாவற்றுக்கும் அடியில், கடைசி வரிகளில் ஒன்றாக ஓர் எண் இருந்தது: சோதனையில் பயன்படுத்திய துண்டின் பருமன் 3 கன அங்குலம்; உண்மையில் மோதியதாக அவர்கள் மதிப்பிட்டது 1920 கன அங்குலம். 640 மடங்கு. அப்படியானால் அந்தச் சோதனைத் தரவை வைத்து இந்த மோதலைப் பற்றி எதையுமே உறுதியாகச் சொல்ல முடியாது. தலைப்பு சொன்னதற்கு அது நேர் எதிர். பிப்ரவரி 1 அன்று பூமிக்குத் திரும்பும் வழியில் விண்கலம் சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் இறந்தார்கள்.

அந்த ஸ்லைடை வரிக்கு வரி பிரித்துக் காட்டியவர் யேல் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த எட்வர்ட் டஃப்டி. விபத்து விசாரணைக் குழுவும் தன் அறிக்கையில் அவருடைய பகுப்பாய்வைச் சேர்த்துக்கொண்டது. தொழில்நுட்பக் கட்டுரைகளுக்குப் பதில் ஸ்லைடுகளைக் கையாளும் பழக்கம் நாசாவில் பரவிக்கிடப்பதைக் குறையாகவே குறிப்பிட்டது. ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: விபத்துக்குக் காரணம் நுரைத் துண்டு, ஸ்லைடு அல்ல. ஸ்லைடு வேறு விதமாக இருந்திருந்தால் ஏழு பேரும் பிழைத்திருப்பார்கள் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: 640 மடங்கு வேறுபாட்டை ஒருவர் வாக்கியமாக எழுத உட்கார்ந்திருந்தால், அதே பத்தியில் பாதுகாப்பான பக்கம் என்ற சொற்களை எழுதக் கை வந்திருக்காது. இரண்டையும் இணைக்க ஒரு 'ஆகவே'யையோ 'ஆனாலும்' என்பதையோ அவர் போட்டாக வேண்டும். போட்டதும் முரண் பளிச்சென்று தெரிந்திருக்கும். ஸ்லைடில் அந்த இணைப்புச் சொல்லைப் போட வேண்டிய கட்டாயமே இல்லை. டஃப்டியின் கட்டுரையைப் பெசோஸும் அவரோடு பணியாற்றிய காலின் பிரையரும் விமானப் பயணம் ஒன்றில் படித்ததுதான் அமேசானின் மாற்றத்துக்குத் தூண்டுகோல் என்று பிரையர் எழுதியிருக்கிறார்.

விண்கலம் நமக்குத் தொலைவு. நம் அலுவலக அளவில் ஓர் எடுத்துக்காட்டை எண்களோடு பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. சூழல் என் தொழிலில் தினமும் பார்ப்பது. மருந்து மொத்த விநியோக நிறுவனம் ஒன்று நகரத்தில் 300 மருந்துக் கடைகளுக்குக் காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை என்று வேன்களை அனுப்புகிறது. மாலை நடையை நிறுத்தலாமா என்பது கேள்வி. ஸ்லைடு இப்படி வரும்: "டீசல், ஓட்டுநர் செலவு தொடர்ந்து உயர்வு. மாலை ஆர்டர்கள் 22% மட்டுமே. நிறுத்தினால் மாதம் 1.8 லட்சம் சேமிப்பு. கடைகள் பழகிக்கொள்ளும். படிப்படியாக அமல்." ஐந்து வரிகள். பார்த்தவுடன் தலையாட்டத் தோன்றும். பத்து நிமிடத்தில் முடிவாகிவிடும்.

இப்போது இதையே பத்தியாக எழுதுங்கள். "மாலை நடையில் மொத்த ஆர்டர்களில் 22 சதவீதமே போகின்றன, ஆகவே அதை நிறுத்தினால் பாதிப்பு குறைவு" என்று தொடங்குவீர்கள். 'ஆகவே' என்று எழுதிய இடத்தில் பேனா நிற்க வேண்டும். 22 சதவீதம் என்பது எண்ணிக்கையிலா, மதிப்பிலா? 300 கடைகளும் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பும் ஆர்டரா, சில கடைகள் மட்டும் அனுப்புவதா? தெரியாது. எழுதுகிறவர் எழுந்து பில்லிங் பகுதிக்குப் போய்க் கேட்கிறார். மாலை ஆர்டர்களில் பெரும்பகுதி 40 சிறு கடைகளிலிருந்து வருகிறது என்று தெரிகிறது. அவை ஏன் மாலையில் கேட்கின்றன? விலை கூடிய மருந்தை அவர்கள் இருப்பு வைப்பதில்லை. காலையில் வாடிக்கையாளர் மருந்துச்சீட்டோடு வருகிறார், சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று கடைக்காரர் சொல்லி அனுப்புகிறார், மதியம் நமக்கு ஆர்டர் போடுகிறார். மாலை வேன் இல்லையென்றால் மருந்து அடுத்த நாள் காலையில்தான் வரும். அந்த வாடிக்கையாளர் அதற்குள் வேறு கடைக்குப் போய்விடுவார். கடைக்காரர் சும்மா இருப்பாரா? மாலை வேன் அனுப்பும் வேறு விநியோகஸ்தரிடம் போவார். போகும்போது தன் காலை ஆர்டரையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு போவார்.

அடுத்த பத்தி தானாக வந்து நிற்கிறது. அந்த 40 கடைகளும் காலை, மாலை சேர்த்து மாதம் 60 லட்சத்துக்கு வாங்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். நம் லாப விகிதம் 8 சதவீதம் என்றால் அவற்றிலிருந்து வருவது 4.8 லட்சம். மூன்றில் ஒரு பங்கு கடைகள் போனாலே 1.6 லட்சம் போய்விடும், 1.8 லட்சம் சேமிப்பில் மிஞ்சுவது இருபதாயிரம். பாதிக் கடைகள் போனால் கைநட்டம். "கடைகள் பழகிக்கொள்ளும்" என்ற வரி இங்கே தாக்குப்பிடிக்காது. எத்தனை கடைகள் பழகிக்கொள்ளும் என்பதுதான் மொத்தக் கேள்வியுமே. இந்த நிலையில் முன்மொழிவே மாறிவிடுகிறது: மாலை நடையை முழுதாக நிறுத்தாமல், அந்த 40 கடைகளுக்கு மட்டும் ஒரு சிறிய வண்டியை அனுப்பினால் என்ன செலவாகும்? கூட்டம் இன்னும் தொடங்கவே இல்லை. எழுதியவரின் மேசையிலேயே இவ்வளவும் நடந்துவிட்டது.

இந்த முறையின் பலனில் பாதிக்கு மேல், கூட்டத்துக்கு முன்பே, எழுதும்போதே கிடைத்துவிடுகிறது என்று நான் சொல்வது இதை வைத்துத்தான். மௌன வாசிப்பு அந்த உழைப்புக்குக் காவல். இருபது நிமிடம் பத்துப் பேர் தன் வாக்கியங்களைப் படிக்கப்போகிறார்கள் என்று தெரிந்தால்தான் ஒருவர் எழுந்து பில்லிங் பகுதிக்குப் போவார். யாரும் படிக்கப்போவதில்லை என்று தெரிந்தால், ஸ்லைடுக்கே திரும்பிவிடுவார், வேர்டு கோப்பின் பெயரில்.

அதனால் எழுதுவதற்குக் கால அவகாசம் வேண்டும். முந்தின நாள் இரவு உட்கார்ந்து நல்ல குறிப்பை எழுத முடியாது. பெசோஸ் 2017ஆம் ஆண்டுக்கான பங்குதாரர் கடிதத்தில் இதையே குறையாகச் சொல்கிறார்: ஆறு பக்கத்தை ஒன்றிரண்டு நாளில் எழுதிவிடலாம் என்று தவறாக நினைத்துக்கொள்கிறார்கள், உண்மையில் ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகலாம், எழுதி, திருத்தி, உடன் பணிபுரிபவர்களிடம் காட்டி, ஓரிரு நாள் கிடப்பில் போட்டு, மறுபடியும் புது மனதோடு எடுக்க வேண்டும் என்கிறார். உங்களுடையது வாராந்திரக் கூட்டம் என்று எழுதியிருக்கிறீர்கள். என் சந்தேகம் அங்கேதான் விழுகிறது. வாரத்தில் நடந்ததைத் தெரிவிக்க மட்டுமே கூடும் கூட்டத்துக்கு இந்த முறை தேவையில்லை. அதற்கு எண்கள் கொண்ட ஒரு பக்க அட்டவணை போதும். மாதம் ஒரு முறையோ, தேவைப்படும்போதோ, ஒரு முடிவு எடுக்க வேண்டிய விஷயத்துக்கு மட்டும் குறிப்பு எழுதச் சொல்லுங்கள்.

நீளத்தை நேரத்திலிருந்து கணக்கிட வேண்டும். கவனமாகப் படித்து, ஓரத்தில் கேள்வி எழுதிக்கொண்டு போனால் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம் ஆகும் என்பது அமேசானில் பழக்கத்தில் இருக்கும் கணக்கு. என் அனுபவமும் அதற்கு ஒத்துவருகிறது. ஒரு மணி நேரக் கூட்டத்தில் ஆறு பக்கம், இருபது நிமிடம்; மிச்சம் நாற்பது நிமிடம் பேச்சுக்கு. அரை மணி நேரக் கூட்டமென்றால் இரண்டு பக்கத்துக்கு மேல் கூடாது. ஆறு பக்கம் என்பது உச்சவரம்பு, அதை நிரப்ப வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் இரண்டு பக்கத்தில் தொடங்குவதே நல்லது. எழுத்தளவைச் சுருக்கி, ஓர இடத்தை ஒடுக்கி எட்டுப் பக்கத்தை ஆறாக்கும் வேலையை அனுமதிக்கவே கூடாது. அட்டவணைகளும் வரைபடங்களும் பின்னிணைப்புக்குப் போகட்டும். பின்னிணைப்பைப் படிக்காதவருக்கும் வாதம் புரிய வேண்டும்.

முதல் பத்தியில் இந்தக் கூட்டத்திடம் என்ன கேட்கிறீர்கள் என்பது இருக்க வேண்டும். "மாலை நடையை ஏப்ரல் முதல் 40 கடைகளுக்கு மட்டும் சுருக்க ஒப்புதல் கேட்கிறோம்" என்று எழுதுங்கள். "மாலை விநியோகம் பற்றி ஒரு பார்வை" என்று எழுதினால் கூட்டமும் பார்வையோடு முடிந்துவிடும். கடைசியில், கூட்டத்தில் எழக்கூடிய கடுமையான கேள்விகளை நீங்களே எழுதி நீங்களே பதில் சொல்லுங்கள். உங்களுக்கே பதில் தெரியாத கேள்வியையும் அங்கே தைரியமாக வையுங்கள். நாற்பது நிமிடப் பேச்சு அதன்மேல்தான் நடக்க வேண்டும்.

இனி வாசிப்பு. முன்கூட்டியே மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, படித்துவிட்டு வாருங்கள் என்றால் போதாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். போதாது. பாதிப் பேர் படித்திருக்க மாட்டார்கள், படித்ததுபோலப் பேசுவார்கள். படித்தவர்களுக்கும் படிக்காதவர்களுக்கும் நடுவே கூட்டம் இழுபடும். உயர் பதவியில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும் என்பதாலேயே அமேசானில் நேரத்தைக் கூட்டத்துக்குள்ளேயே ஒதுக்கினார்கள். அந்த இருபது நிமிடம் வீண் என்று தோன்றுவதற்குக் காரணம், நமக்குக் கூட்டம் என்றாலே பேச்சு என்று பழகிவிட்டதுதான். ஆனால் அதே இருபது நிமிடத்தில் ஒருவர் வாயால் சொல்லக்கூடியதைவிட அதிகமாகவே கண்ணால் படித்துவிட முடியும். மூன்றாவது ஸ்லைடில் ஒருவர் குறுக்கிட்டுக் கேட்கும் கேள்விக்கு ஏழாவது ஸ்லைடில் பதில் இருக்கும் அந்தப் பழைய தொல்லையும் கிடையாது. அடுத்த பக்கத்தைத் திருப்பினால் அவரே பார்த்துக்கொள்வார்.

வாசிப்பு நேரத்தில் கைப்பேசி, மடிக்கணினியில் வேறு வேலை, அறையை விட்டு வெளியே போய் வருவது எதுவும் கூடாது. இதை மூத்தவர் முதலில் கடைப்பிடிக்காவிட்டால் மற்றவர்களிடம் எதிர்பார்க்க வேண்டாம். முடிந்தால் அச்சிட்ட காகிதமும் ஒரு பேனாவும் கொடுங்கள். பகிர்ந்த கோப்பில் ஓரக் குறிப்புகளாகக் கேள்விகளைப் பதிவதற்கும் வசதி இருக்கிறது, எழுதியவர் அப்போதே சின்னச் சந்தேகங்களைத் தீர்த்துவிடலாம். ஆனால் ஒருவர் போட்ட கருத்தைப் பார்த்து அடுத்தவர் தன் கருத்தை மாற்றிக்கொள்வதும் அங்கே நடக்கும். எனக்குக் காகிதமே பிடித்திருக்கிறது. சீக்கிரம் படித்து முடித்தவர் மறுபடி முதலிலிருந்து படிக்கட்டும். பெசோஸ்தான் பெரும்பாலும் கடைசியாகப் படித்து முடிப்பாராம். ஒவ்வொரு வாக்கியமும் தவறு என்று எடுத்துக்கொண்டு, சரி என்று தனக்கு நிரூபணமானால்தான் அடுத்ததற்குப் போவார் என்கிறார் பிரையர். வேகமாகப் படிப்பவரைப் பாராட்ட வேண்டிய இடம் அல்ல இது.

படித்து முடித்த பிறகு எழுதியவர் விளக்கவுரை தரக் கூடாது. இதை விதியாகவே வையுங்கள். நடத்துபவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "மொத்தமாகப் பார்த்தால் இந்த முன்மொழிவில் எது நிற்கவில்லை?" என்பது. இளையவர்களிடமிருந்து தொடங்கி ஒவ்வொருவராகச் சொல்லட்டும், மேலாளர் கடைசியில் பேசட்டும். நம் அலுவலகங்களில் இந்த வரிசை அவசியம். சார் ஒரு வார்த்தை சொன்ன பிறகு மாற்றுக் கருத்துச் சொல்ல இளையவருக்கு மனம் வராது. ஆனால் அவர் கையிலிருக்கும் காகிதத்தின் ஓரத்தில் கேள்வி ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. அதை அப்படியே வாசித்தால் போதும் என்பது பெரிய துணிச்சலைத் தருகிறது. அதன் பிறகு பக்கம் பக்கமாகப் போகலாம். எடுக்கும் முடிவுகளையும் ஆட்சேபங்களையும் எழுதியவர் அல்லாத இன்னொருவர் குறித்துக்கொள்ள வேண்டும். பதில் சொல்லிக்கொண்டே குறிப்பெடுக்க யாராலும் முடியாது.

யாராவது "இந்தப் பகுதி புரியவில்லை, கொஞ்சம் சொல்லுங்கள்" என்றால் எழுதியவர் சொல்லலாம்தான். ஆனால் அந்த விளக்கத்தை அவர் குறிப்பில் அதே இடத்தில் சேர்க்க வேண்டும். இன்னொன்றும் அமேசானிலிருந்து எடுத்துக்கொள்ளத் தக்கது: குறிப்பில் எழுதியவர் பெயர் இருக்காது, அது குழுவின் பெயரில் போகும். ஒரு வாக்கியத்தைக் குறை சொல்வது ஒருவரைக் குறை சொல்வதாகிவிடும் நம் சூழலில் இது சின்ன விஷயம் அல்ல.

மொழியைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க முடியாது, ஏனென்றால் தமிழ்நாட்டு அலுவலகங்களில் இந்த முறை தோற்கும்போது அடியில் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது. நம் கூட்டங்களில் பேச்சு தமிழில் நடக்கும், ஸ்லைடு ஆங்கிலத்தில் இருக்கும். நான்கு சொல் ஆங்கில வரியை யாரும் எழுதிவிடலாம். மீதியைத் தமிழில் வாயால் சரிக்கட்டலாம். நான்கு பக்க ஆங்கில உரைநடை என்றதும், கிடங்கைப் பத்து விரலில் வைத்திருக்கும் மேற்பார்வையாளர் ஒதுங்கிக்கொள்வார். ஆங்கிலம் சரளமாக எழுதும் புதியவர் மேலே வந்துவிடுவார், விஷயம் தெரிந்தவர் கீழே போய்விடுவார். படிக்கும்போதும் அதே ஏற்றத்தாழ்வு. இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், வருத்தமாகவும் இருந்திருக்கிறது. கூட்டத்தில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தமிழ் தெரியுமென்றால் குறிப்பைத் தமிழில் எழுதுங்கள். தொழிற்சொற்கள் எப்படிப் பேச்சில் வருகின்றனவோ அப்படியே வரட்டும். பிற மாநிலத்தவர் இருந்து ஆங்கிலம் தவிர்க்க முடியாது என்றால், விஷயம் தெரிந்தவர் சொல்ல, எழுதத் தெரிந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதட்டும். வாசிப்பு நேரத்தைப் பக்கத்துக்கு ஐந்து நிமிடமாக்குங்கள். நடையழகைப் பற்றிக் கூட்டத்தில் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது.

இதன் எல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். அமேசான் வளர்ந்தது இந்த முறையால்தான் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வேறு ஆயிரம் காரணங்கள் உள்ள இடத்தில் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து அளக்க வழி இல்லை. குறிப்பு எழுதினால் முடிவு சரியாக இருக்கும் என்பதும் உறுதி அல்ல. நன்றாக எழுதத் தெரிந்தவர் பலவீனமான வாதத்தையும் வழவழப்பாக எழுதிவிடுவார். அதற்கு ஒரே மாற்று, வாசகர்கள் எண்களைத் தொட்டுத் தொட்டுக் கேட்பதுதான். சில வேலைகளுக்கு இது பொருந்தவே பொருந்தாது. புதிய பொதியின் வடிவத்தைக் காட்ட வேண்டுமென்றால் பொதியை மேசைமேல் வையுங்கள். நூறு பேருக்குப் பயிற்சி தருவதற்கு ஸ்லைடு நல்ல கருவி. கணினி அமைப்பு விழுந்து கடைகளுக்குப் பில் போகாமல் நிற்கும்போது யாரும் உட்கார்ந்து பத்தி எழுத முடியாது. அது முடிந்த பிறகு, ஏன் விழுந்தது என்று எழுதுவதற்கு இதைவிடச் சிறந்த முறை எனக்குத் தெரியவில்லை. யோசனைகளைக் கொட்ட வேண்டிய தொடக்கக் கட்டத்திலும் குறிப்பு தடையாக இருக்கும். முழு வாக்கியமாக வருவதற்கு முன் ஒரு யோசனைக்குப் பேச்சில் புரண்டெழ இடம் வேண்டும்.

மூன்றாவது முறை செய்யும்போது, படித்து முடித்ததும் வரும் முதல் மூன்று கேள்விகளை மட்டும் எழுதிவைத்துப் பாருங்கள். "இது எதைப் பற்றியது, கொஞ்சம் விளக்குங்கள்" என்ற வகைக் கேள்விகள் வந்தால் குறிப்பு இன்னும் ஸ்லைடாகவே இருக்கிறது. கூட்டத்தை அங்கேயே நிறுத்தி, திருத்தி எழுதிவரச் சொல்லி வேறு நாள் குறிப்பது நல்லது. அடுத்தவர் தன் குறிப்பை எழுதும்போது அதை மறக்க மாட்டார். "மூன்றில் ஒரு பங்கு கடைகள்தான் போகும் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்ற வகைக் கேள்வி வந்தால், அறையில் இருப்பவர்கள் உங்கள் வாதத்துக்குள் வந்துவிட்டார்கள். அந்தக் கேள்விக்கு எழுதியவரிடம் பதில் இல்லாவிட்டாலும் கூட்டம் சரியாகவே நடக்கிறது. அந்த 40 கடைகளில் பத்துக் கடைக்காரர்களிடம் நேரில் கேட்டுவிட்டு வர யாரை அனுப்புவது என்று முடிவு செய்து கலையலாம்.